கதைப் பகுதியை வேகமாகப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படித்துப் பொருளுணரும் தேர்வில் அறிவியல் கட்டுரையும் செய்திக் கட்டுரையும் வந்தால் சமாளித்துவிடும் பலர், ஒரு சிறுகதைப் பகுதி வந்ததும் தடுமாறுகிறார்கள். ஸ்கிம்மிங், ஸ்கேனிங் இரண்டும் தெரிந்தவர்கள்தான் அவர்கள். ஸ்கிம்மிங் என்பது பகுதி முழுவதையும் மேலோட்டமாக ஓட்டி எது எங்கே இருக்கிறது என்று பிடிப்பது. ஸ்கேனிங் என்பது ஒரு குறிப்பிட்ட தகவலைத் தேடிக் கண்ணை ஓடவிடுவது. இரண்டையும் கட்டுரைகளில் பழகிவிட்டு, அதே பழக்கத்தைக் கதைக்குக் கொண்டுவருவதுதான் சிக்கல். அதிலும் தமிழ்ப் பகுதி என்றால், ஆங்கிலப் பயிற்சி நூல்கள் சொல்லும் வழிகளில் சில நேர் எதிராக வேலை செய்யும்.

கீழே ஒரு சிறிய பகுதியை நானே எழுதித் தந்திருக்கிறேன். தேர்வில் வருவது இதைப்போல ஐந்தாறு மடங்கு நீளம் இருக்கும். ஆனால் சறுக்கும் இடங்கள் இவையேதான். முதலில் ஒருமுறை உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிடுங்கள்.

(1) ரயிலிலிருந்து இறங்கியபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. மழை விட்டிருந்தாலும் நடைமேடை முழுவதும் ஈரம். சிவராமன் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே நடந்தார். உருட்டிச் செல்லச் சக்கரம் இருந்தும் அவருக்கு அது தோன்றவில்லை.

(2) தங்கை கல்யாணத்துக்குக்கூட அவர் இந்த ஊருக்கு வரவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அப்பா போட்ட கடிதம் மேசையில் இரண்டு மாதம் கிடந்தது. அப்புறம் பிரிக்காமலே அலமாரிக்குப் போனது.

(3) வாசலில் மாலதி நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. "வழி மறந்திருக்கும்னு நினைச்சேன்" என்றாள். அவர் சிரிக்க முயன்றார். கூடத்தில் அப்பாவின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை போலும். மடித்த துணிகள் அடுக்கியிருந்தன.

(4) "கடைசி வரைக்கும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை, அண்ணா" என்றாள். "சாயங்காலமானா வாசல் விளக்கைப் போடச் சொல்வார். யாருக்குன்னு நாங்க கேட்டதில்லை."

(5) சிவராமன் எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து பழுப்பேறிய உறையை எடுத்தார். அதன் வாய் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டார்.

அறிகுறி: கண் கடைசி வரிவரை போய்விட்டது, கதை என்னவென்று சொல்ல வரவில்லை

இதுதான் மிக அதிகமாகக் கேட்கும் புகார். ஓட்டி முடித்ததும் மனத்தில் ரயில், மழை, கடிதம், நாற்காலி, விளக்கு என்று பொருள்கள் மிதக்கும். யார் யாருக்கு என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது.

காரணம் இரண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் படித்தால் போதும் என்ற விதி கட்டுரைக்கு உரியது. கட்டுரை எழுதுபவர் கருத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குவார். கதையில் பத்தியின் முதல் வாக்கியம் பெரும்பாலும் காட்சியைத்தான் அமைக்கும். நம் பகுதியில் ஐந்து முதல் வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள்: மணி நான்கைத் தாண்டியது, கல்யாணத்துக்கு வரவில்லை, மாலதி நின்றிருந்தாள், தப்பாகப் பேசியதில்லை, எதுவும் சொல்லவில்லை. கடிதமும் இல்லை, விளக்கும் இல்லை. கதையே இல்லை.

இரண்டாவது காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். அதனால் வாக்கியத் தொடக்கத்தை மட்டும் தொட்டுப் போனாலும் நடந்தது தெரியும். தமிழில் வினை கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. நடந்ததா நடக்கவில்லையா, செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் ஒட்டில்தான். வாக்கியத்தின் தலையை மட்டும் பார்த்துத் தாவினால், இல்லை என்று முடியும் வாக்கியத்தை ஆமாம் என்று படித்துவிட்டுப் போவோம்.

சரிசெய்வது இப்படி. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் முழுதாக, சாதாரண வேகத்தில் படியுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நடுப் பத்திகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி மூன்று சொற்களில் கண்ணை நிறுத்துங்கள். இரண்டாம் பத்தியை அப்படி ஓட்டினால் கிடைப்பது: "இந்த ஊருக்கு வரவில்லை. அவருக்கு வயது இருபத்தெட்டு. இரண்டு மாதம் கிடந்தது. பிரிக்காமலே அலமாரிக்குப் போனது." பத்தியின் எலும்புக்கூடு வந்துவிட்டது. கிடந்தது எது என்பது மட்டும் இதில் விழவில்லை. அந்தக் கேள்வி எழும்போது ஒரே ஒரு வாக்கியத்தின் முன்பாதிக்குப் போய்வந்தால் போதும்.

அப்புறம், ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் மூன்று சொல்லுக்கு மிகாமல் ஒரு குறிப்பு போடுங்கள். யார், எப்போது, என்ன மாற்றம் என்ற மூன்றில் பத்திக்கு எது முக்கியமோ அது. நம் பகுதிக்கு நான் போடுவது: (1) சி. வருகை, (2) பழசு, பிரிக்காத கடிதம், (3) மாலதி, நாற்காலி, (4) அப்பா, விளக்கு, (5) உறை, விளக்கு போட்டார். இரண்டாம் பத்திக்கு "பழசு" என்று போட்டதைக் கவனியுங்கள். கதை சொல்லாமல் கொள்ளாமல் பின்னுக்குப் போய்த் திரும்பும். அந்தத் தாவலைக் குறிக்காமல் விட்டால், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வியில் மாட்டிக்கொள்வோம்.

திருப்பத்தைப் பிடிக்க "ஆனால்", "எனினும்" என்ற சொற்களைத் தேடச் சொல்வார்கள். கதையில் அவை குறைவு. இந்தப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. பதிலுக்கு "இருந்தும்", "விட்டிருந்தாலும்", "கல்யாணத்துக்குக்கூட" என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சக்கரம் "இருந்தும்" தோன்றவில்லை என்ற இடத்தில்தான் சிவராமனின் மனம் வேறெங்கோ இருப்பது தெரிகிறது. அந்த உம்மையையும் "கூட"வையும் கண்டால் அரை விநாடி நிற்கப் பழகுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பகுதியை மூடிவைத்துவிட்டு ஓரக் குறிப்பை மட்டும் பார்த்து இரண்டு வாக்கியத்தில் கதையைச் சொல்லுங்கள். சொல்ல வந்தால் ஓட்டம் சரி. வராவிட்டால் வேகம் கூடிவிட்டது.

அறிகுறி: கேள்வியில் உள்ள சொல்லைத் தேடினால் பகுதியில் அது இல்லவே இல்லை

கேள்வி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "தங்கையின் திருமணத்தின்போது சிவராமனின் வயது என்ன?" விடையில் எண் வேண்டும், ஆகவே 28 போன்ற ஓர் எண்ணைத் தேடிக் கண் ஓடும். எண் எங்கும் இல்லை. "திருமணம்" என்று தேடினாலும் இல்லை. இரண்டுமுறை மேலும் கீழும் ஓடி ஒரு நிமிடம் போனபிறகு, வேறுவழியின்றி முழுவதையும் மறுபடி படிக்கத் தொடங்குவோம்.

கதாசிரியர்கள் எண்ணைப் பெரும்பாலும் எழுத்தில்தான் எழுதுவார்கள். "இருபத்தெட்டு" என்பது மற்றச் சொற்களோடு கலந்து நிற்கும், இலக்கம்போலத் துருத்திக்கொண்டு தெரியாது. கேள்வி எழுதுபவர் "திருமணம்" என்பார், கதை "கல்யாணம்" என்னும். கேள்வி "பற்றி" என்று எழுதும், கதையில் பேசும் மாலதி "பத்தி" என்பாள். பேச்சு வரும் பத்திகளில் தேடும்போது இதை மறக்கவே கூடாது.

இன்னொரு தொந்தரவு வேற்றுமை உருபு. தமிழில் பெயர்ச்சொல் உருபு ஏற்கும்போது உருமாறிவிடும். வீடு "வீட்டில்" ஆகும், கடிதம் "கடிதத்தை" ஆகும், ஆறு "ஆற்றில்" ஆகும். முழுச் சொல்லின் வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடும் கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும். ஆகவே முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் தேடுங்கள்: "கடித", "வீட்", "ஆற்". புணர்ச்சியில் சொல் முந்தைய சொல்லோடு ஒட்டிப்போனால் இதுவும் தவறும். அந்த இடத்துக்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

தேடத் தொடங்குமுன் ஐந்து விநாடி செலவழித்து, இந்தச் செய்தி கதையில் வேறு எப்படி இருக்கலாம் என்று இரண்டு மூன்று மாற்றுச் சொற்களை யோசித்துக்கொள்ளுங்கள். கடிதம் என்றால் உறை, தபால், எழுத்து. திருமணம் என்றால் கல்யாணம், மணமேடை, மாலை. பிறகு ஓரக் குறிப்பைப் பார்த்து எந்தப் பத்தி என்று முடிவு செய்யுங்கள். திருமணம் பழைய நிகழ்ச்சி, "பழசு" என்று குறித்தது இரண்டாம் பத்தி, அங்கே மட்டும் கண் போனால் போதும். ஸ்கிம்மிங்கில் போட்ட மூன்று சொல் ஸ்கேனிங்கில் பலன் தருவது இப்படித்தான். குறிப்பில்லாமல் நேரே தேடலில் இறங்குபவர்கள்தான் பகுதியை நாலு முறை படிக்கிறார்கள்.

எந்தச் சொல்லைக் கொக்கியாக எடுப்பது என்பதிலும் தேர்வு உண்டு. பெயர், இடம், பேச்சைக் காட்டும் மேற்கோள் குறி, கையால் தொடக்கூடிய பொருள் ஆகியவை நல்ல கொக்கிகள். "ஏக்கம்", "குற்றவுணர்ச்சி", "தனிமை" போன்றவை கேள்வியில் மட்டுமே வாழும். கதையில் அவை அந்தப் பெயரில் வராது. அவற்றைத் தேடி ஓடுவது வீண்.

அறிகுறி: சரியான வரியையே கண்டுபிடித்தேன், ஆனாலும் விடை தப்பு

இதுதான் வயிற்றெரிச்சல் பிடித்த வகை. கேள்வி: "சிவராமன் அப்பாவின் கடிதத்தை எப்போது படித்தார்?" விடைகள்: (அ) கடிதம் வந்தவுடன், (ஆ) இரண்டு மாதம் கழித்து, (இ) ஊர் திரும்பிய மாலையில், (ஈ) கதையில் அவர் படித்ததாக இல்லை.

"கடித" என்று தேடிய கண் இரண்டாம் பத்தியின் மூன்றாம் வாக்கியத்தில் விழுகிறது. "இரண்டு மாதம்" அங்கேயே இருக்கிறது. (ஆ) என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அடுத்த வாக்கியத்தில் "பிரிக்காமலே" இருக்கிறது. கடைசிப் பத்தியில் உறையின் வாய் "ஒட்டியபடியே". அதை எடுக்கிறார், பிரிக்கவில்லை. போய் விளக்கைப் போடுகிறார். விடை (ஈ). (இ)யைக் குறிப்பவர்களும் நிறைய உண்டு. உறையை எடுத்தவர் படித்திருப்பார் என்று நாமே கதையை முடித்துவைத்துவிடுகிறோம். நானும் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு பாத்திரத்தை ரயிலில் ஏற்றியே அனுப்பிவிட்டேன். கதையில் அவர் பயணச்சீட்டு வாங்கியதோடு சரி.

இங்கே கோளாறு தேடலில் இல்லை, இறங்கிய இடத்தில் படித்த அளவில் இருக்கிறது. ஸ்கேனிங் உங்களை வரியில் கொண்டுபோய் இறக்கிவிடும். இறங்கியபிறகு மேலே இரண்டு வாக்கியம், கீழே ஒரு வாக்கியம் சாதாரண வேகத்தில் படித்தாக வேண்டும். அதோடு, விடையில் வரும் பொருள் பகுதியில் மறுபடி வருகிறதா என்று ஓரக் குறிப்பில் பாருங்கள். "பிரிக்காத கடிதம்" இரண்டில், "உறை" ஐந்தில். இரண்டு இடத்தில் வரும் பொருளைப் பற்றிய கேள்விக்கு இரண்டு இடத்தையும் பார்க்காமல் விடை குறிக்காதீர்கள். கதாசிரியர் ஒரு பொருளை இரண்டாம் முறை கொண்டுவருகிறார் என்றால் ஏதோ காரியமாகத்தான்.

மேலே இரண்டு வாக்கியம் எதற்கு என்றால், தமிழ் எழுவாயை விழுங்கிவிடும். "வாசல் விளக்கைப் போடச் சொன்னவர் யார்?" என்ற கேள்வியை எடுங்கள். நான்காம் பத்தியில் "சொல்வார்" மட்டும் இருக்கிறது, யார் என்பது இல்லை. வினைமுற்றின் ஒட்டைப் பிடித்தால் -ஆள் என்பது மாலதி. ஆனால் -ஆர் சிவராமனுக்கும் பொருந்தும், அப்பாவுக்கும் பொருந்தும். மேலே போனால் அதே பேச்சில் "உன்னைப் பத்தி", "அண்ணா" என்று இருக்கிறது. மாலதி முன்னால் நிற்பவரை "உன்னை" என்கிறாள், ஆகவே "சொல்வார்" அவர் இல்லை. அதற்கும் மேலே மூன்றாம் பத்தியின் முடிவில் அப்பாவின் நாற்காலி. விடை அப்பா. பத்து விநாடி வேலை, ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தவருக்குப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம்தான்.

அறிகுறி: தகவல் கேள்வி எல்லாம் சரி, மனநிலையும் தொனியும் கேட்டால் ஊகம்தான்

"அப்பா மகன்மேல் கொண்டிருந்த மனநிலை: கோபம், எதிர்பார்ப்பு, அலட்சியம், அச்சம்." சொல்லித் தேட எதுவும் இல்லாததால், பலர் தங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதைக் குறிக்கிறார்கள். மகன் கல்யாணத்துக்கே வரவில்லை, அப்பாவுக்குக் கோபம் இருக்காதா என்று. வாழ்க்கையில் இருக்கலாம். தாளில் ஆதாரம் வேண்டும்.

மனநிலைக் கேள்விக்கும் தேடல் உண்டு. தேடவேண்டியது திரும்பத் திரும்ப நடக்கும் செயலை. தமிழில் பழக்கமான செயல் "சொல்வார்", "போவாள்", "உட்காருவதில்லை" என்ற வடிவில் வரும். ஒருமுறை நடந்தது "சொன்னார்". நான்காம் பத்தியில் "சாயங்காலமானா" விளக்கைப் போடச் "சொல்வார்" என்பது தினமும் நடந்தது. இருட்டுமுன் வாசலில் விளக்கு வைப்பது வருகிறவருக்காக. கோபத்துக்கு ஆதாரம் தேடினால் "தப்பாப் பேசினதில்லை" என்று கதையே மறுக்கிறது. எதிர்பார்ப்பு என்று குறிக்கலாம், விரலை வைத்துக் காட்ட வரி இருக்கிறது.

சின்ன ஒட்டுகளையும் தவறவிடாதீர்கள். "போலும்" என்றால் பார்ப்பவரின் ஊகம். "வந்தானாம்" என்றால் யாரோ சொல்லக் கேட்டது. "வருவானோ" என்றால் ஐயம். நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்பதை மாலதி சொன்னதாக ஒரு விடை கொடுத்தால் அது தவறு. "போலும்" அதைச் சிவராமன் பார்வையில் தோன்றியதாக மாற்றிவிடுகிறது. ஓட்டத்தில் கண் விட்டுவிடும் இந்த ஒட்டுகளில்தான் கேள்வி எழுதுபவர் உட்கார்ந்திருப்பார்.

அறிகுறி: "பகுதியில் கூறப்படாதது எது" என்ற கேள்வி நேரத்தைத் தின்கிறது

இது ஒரு கேள்விபோலத் தெரியும் நான்கு கேள்வி. நான்கு விடையையும் தனித்தனியாகத் தேடவேண்டும். ஆகவே அந்தப் பகுதியின் மற்றக் கேள்விகளை முடித்துவிட்டுக் கடைசியில் செய்யுங்கள். அதற்குள் பகுதியின் பாதி வரிகள் பழகியிருக்கும், இரண்டு விடைகள் தேடாமலே அடிபட்டுவிடும். நம் பகுதிக்கு "மாலதிக்குத் தலை நரைத்திருந்தது", "நாற்காலி இடம் மாறவில்லை", "மழை பெய்திருந்தது", "சிவராமன் மன்னிப்புக் கேட்டார்" என்று கொடுத்தால், கடைசியைத் தேடவே வேண்டாம். மீதி மூன்றையும் கண்டுவிட்டால் போதும்.

அறிகுறி: கண் பின்னுக்கே போகிறது

கொஞ்சம் பின்னே போவது எல்லோருக்கும் உண்டு, நன்றாகப் படிப்பவர்களுக்கும். ஒரே வரியை மூன்று முறை தொடுவதுதான் கோளாறு. வெள்ளைத்தாள் ஒன்றைப் படித்த வரிகளின்மேல் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். நாலைந்து பயிற்சியில் குறையும். குறையாவிட்டால் அது கண்பழக்கம் இல்லை, அந்தப் பகுதியின் நடை உங்களுக்குக் கடினம் என்று பொருள்.

அங்கே ஓட்டமே பொருந்தாது. செறிவான கவிதை வரிகள், ஒரு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும் நினைவோட்டம், வினையை முன்னே போட்டு எழுதும் நடை ("வந்தான் அவன், நனைந்தபடி") இவற்றில் வாக்கியக் கடைசியைப் பார்க்கும் வழி பலிக்காது. அப்படிப்பட்ட பகுதி வந்தால் ஓட்டத்தைக் கைவிட்டு ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவதுதான் மொத்தத்தில் சீக்கிரம்.

நேரக் கணக்கு

எழுநூறு சொல் உள்ள பகுதி, எட்டுக் கேள்வி, பன்னிரண்டு நிமிடம் என்றால் நான் பிரிப்பது இப்படி: கேள்விகளை மட்டும், விடைகளைப் பார்க்காமல், ஒரு நிமிடம். ஓரக் குறிப்போடு ஓட்டம் மூன்று நிமிடம். கேள்விக்கு ஐம்பது விநாடி வீதம் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் இருக்கும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமான நேரம் "கூறப்படாதது" வகைக்கு. விடைகளை முன்கூட்டிப் படிக்கவேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. நான்கில் மூன்று பொய். அந்தப் பொய்கள் மனத்தில் தங்கி, ஓட்டும்போது கதையில் படித்ததாகவே தோன்றும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது, தவறிய ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் மேலே உள்ள அறிகுறிகளில் எது என்று எழுதிவையுங்கள். ஐந்தாறு பகுதி முடிந்ததும் பாருங்கள். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு "சரியான வரி, தப்பு விடை" என்பதே அதிகம் வந்திருந்தது. அவர்கள் அதுவரை வேகத்தைக் கூட்டத்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.